போன் லாக் மறந்துபோச்சா? ரீஸ்டார்ட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கோவில்பட்டியில் இருக்கும் என் சித்தி ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தன் ஆண்ட்ராய்டு போனின் பின் நம்பரை மாற்றினார். பழையது 1234. "அதெல்லாம் வைக்கக் கூடாது, திருடன் திறந்திருவான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் விரலை வைத்தே போனைத் திறந்தார், ஒரு பிரச்சினையும் இல்லை. செவ்வாய் இரவு திடீரென்று விரலை ஏற்காமல் பின் நம்பரைக் கேட்டது. புது நம்பர் சுத்தமாக நினைவில்லை.

"விரல் வேலை செய்யலைப்பா, போன் கெட்டுப்போச்சு போல" என்றுதான் என்னிடம் சொன்னார். போன் கெடவில்லை. பின் நம்பரைக் கடைசியாகப் பயன்படுத்தி 72 மணி நேரம் ஆகிவிட்டால், விரலோ முகமோ போதாது, நம்பரைப் போடு என்று ஆண்ட்ராய்டு கேட்கும். சனி இரவு ஒன்பதிலிருந்து செவ்வாய் இரவு ஒன்பது வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 72.

நான் அவரிடம் முதலில் கேட்டது: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சித்தி?" நல்லவேளை, செய்யவில்லை.

ஏன் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது

நாம் பின் நம்பரை வீட்டுக் கதவின் பூட்டு மாதிரி நினைக்கிறோம். பூட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பொருள் அப்படியே கிடைக்கும் என்ற நினைப்பு. பழைய ஆண்ட்ராய்டில் அது ஓரளவு உண்மை. இப்போதைய போனில் உங்கள் போட்டோவும் மெசேஜும் மெமரியில் புரியாத எழுத்துக்குவியலாகத்தான் கிடக்கின்றன. அதைத் திரும்பப் படிக்கும்படி மாற்றுவதற்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை எடுக்க இரண்டு தேவை: ஒன்று உங்கள் தலைக்குள் இருக்கும் பின் நம்பர், இன்னொன்று அந்தப் போனின் சிப்புக்குள் புதைந்திருக்கும் ரகசிய எண். ஒன்று இல்லாவிட்டாலும் சாவி வராது. மெமரி சிப்பைக் கழற்றி வேறு போனில் பொருத்தினால் படிக்க முடியாததும் இதனால்தான்.

ஆண்ட்ராய்டு 7.0 முதல் வந்த முறையில் போனின் சேமிப்பு இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. சின்ன அறை போன் ஆன் ஆனதுமே திறந்துகொள்ளும். அலாரம் அடிப்பது, அழைப்பு வருவது எல்லாம் அதைக் கொண்டு நடக்கும். பெரிய அறையில்தான் போட்டோ, வாட்ஸ்அப், தொடர்புகள் எல்லாம் இருக்கின்றன. போன் ஆன் ஆனபின் ஒரு தடவையாவது சரியான பின் நம்பரைப் போட்டால்தான் அது திறக்கும். அப்படித் திறந்த அறை, அதன்பின் திரை லாக் ஆனாலும் உள்ளுக்குள் திறந்தபடியே இருக்கும், போன் அணையும் வரை.

ஆக, சித்தியின் போன் லாக் ஆகியிருந்தாலும் பெரிய அறை திறந்துதான் இருந்தது. வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருந்தது, பின்னணியில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்திருந்தால் அந்த நொடியே எல்லாம் நின்றிருக்கும்.

உங்கள் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. உங்கள் தொடர்பில் இருக்கும் ஒருவரை அதற்கு அழைக்கச் சொல்லுங்கள். திரையில் பெயர் வந்தால் அறை திறந்திருக்கிறது. வெறும் எண் மட்டும் வந்தால் போன் ஏற்கனவே அணைந்து எழுந்துவிட்டது, அறை மூடியாயிற்று.

பெயர் வந்தால் உடனே சார்ஜரில் போடுங்கள். சார்ஜ் தீர்ந்து அணைவதும் ரீஸ்டார்ட்தான்.

நினைவைக் கிளறுவது

கண்டபடி நம்பர்களை அழுத்தாதீர்கள். ஐந்து தடவை தவறினால் வழக்கமாக 30 நொடி காக்க வைக்கும். அப்புறமும் தவறிக்கொண்டே போனால் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டின் அடிப்படைக் கணக்கில், 140 தவறுகளுக்குப் பின் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு முழு நாள் காக்க வேண்டும். நான்கு இலக்கத்தில் 10,000 நம்பர்கள் உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் 27 வருடம் ஆகும். சில நிறுவனங்களின் போன்கள் இதைவிடக் கறாரானவை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறினால் தானே அழித்துக்கொள்ளும் வசதியும் சில போன்களில் உண்டு, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

ஒரு தாளை எடுத்து, வாய்ப்புள்ள நம்பர்களை எழுதுங்கள். போட்டுப் பார்த்ததை அடியுங்கள். ஒரே தவறை மூன்று முறை போடுவதுதான் வழக்கமாக நடப்பது. நம்பரை நினைவில் தேடுவதைவிட விரலின் பழக்கத்தை நம்பலாம்: போனை எப்போதும் பிடிக்கும் கையில் பிடித்து, வேறு எதையாவது பேசிக்கொண்டே அழுத்திப் பாருங்கள். பல நாள் பயன்படுத்திய நம்பருக்கு இது பலிக்கும். சித்தி வைத்தது ஒரே ஒரு தடவை அழுத்திய நம்பர், அதனால் பலிக்கவில்லை. பேரன் பிறந்த வருடம், வீட்டு எண், ஏடிஎம் நம்பர் எல்லாம் பார்த்தோம். எட்டு முயற்சியோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆன் ஆனதும் சிம் நம்பரைக் கேட்கும் திரை வேறு, போன் லாக் வேறு. சிம் பின் மூன்று தடவை தவறினால் பியூகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதை சிம் நிறுவனம் தரும், போனில் உள்ளது எதுவும் அழியாது. உங்களுடையது அந்தத் திரையாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

விரல் இன்னும் வேலை செய்கிறது என்றால்

நம்பர் மறந்துவிட்டது, ஆனால் 72 மணி நேரம் முடியவில்லை. இது அதிர்ஷ்டமான நிலை. போனைத் திறக்கலாம், ஆனால் பின்னை மாற்ற முடியாது, ஏனெனில் மாற்றுவதற்கும் பழைய பின்னைக் கேட்கும். கணினியில் கேபிள் இணைத்து, டெவலப்பர் கட்டளை கொடுத்து எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கட்டளை இப்படி இருக்கும்:

```
adb shell locksettings clear --old 1234
```

`--old` என்பதற்குப் பின்னால் போட வேண்டியது, நீங்கள் மறந்த அதே நம்பர்.

ஆகவே மிச்சமிருக்கும் மணி நேரங்களில் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதே வேலை. கேபிளால் கணினியில் இணைத்து, மேலிருந்து இழுக்கும் அறிவிப்பில் `File transfer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `DCIM`, `Pictures`, `Download` ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் `Android/media/com.whatsapp` ஃபோல்டரையும் அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் `Settings > Chats > Chat backup` போய் `Back up` அழுத்துங்கள். தொடர்புகளை vcf கோப்பாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மெயில் அனுப்புங்கள். ஆத்தென்டிகேட்டர் செயலியில் கோடுகள் இருந்தால் இன்னொரு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

போனின் சொந்த கூகுள் பேக்கப்பை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

விரலும் போய்விட்டது, ஆனால் போன் அணையவில்லை

சித்தியின் நிலை இதுதான். வேறு வழியில்லை, போனை அழிக்கத்தான் வேண்டும். கேள்வி எல்லாம், அழிக்கும் முன் எதையெல்லாம் காப்பாற்றலாம் என்பது. நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், போனை வீட்டு வைஃபையில், சார்ஜரில், ஒரு ராத்திரி முழுக்க விட்டோம். கூகுள் போட்டோஸ் பேக்கப் முன்பே ஆன் ஆகியிருந்தால், லாக் ஆன நிலையிலும் மிச்சப் படங்கள் ஏறிவிடும். வாட்ஸ்அப்பின் தானியங்கி பேக்கப்பும் வழக்கமாக அதிகாலை இரண்டு மணியளவில் ஓடும்.

இரண்டாவது, அவருடைய ஜிமெயில் பாஸ்வேர்டு. இதை ஏன் இத்தனை முன்னால் வைக்கிறேன் என்றால், அழித்தபின் போன் முதலில் கேட்கப்போவது இதைத்தான். ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: லாக்கை மீறி வெளியிலிருந்து அழிக்கப்பட்ட போன், அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போட்டால்தான் மறுபடி எழும். திருடனைத் தடுப்பதற்கான ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் போன் வாங்கும்போது கடைப் பையனே ஒரு ஜிமெயிலை உருவாக்கிக் கொடுத்துவிடுகிறான். பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவில்லை, வாங்கியவருக்கும் தெரியாது. இந்த நிலையில் போனை அழித்தால் டேட்டாவும் போச்சு, போனும் போச்சு.

அதனால், அழிக்கும் முன்பே இன்னொரு போனில் அந்த ஜிமெயிலுக்குள் நுழைந்து காட்ட முடிகிறதா என்று பாருங்கள். மெயில் முகவரியே தெரியாவிட்டால் உள்நுழையும் பக்கத்தில் `Forgot email?` அழுத்தி, மொபைல் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் `Forgot password?`. இதை அவர் வழக்கமாக இருக்கும் வீட்டின் வைஃபையிலிருந்தே செய்யுங்கள், பழகிய இடத்திலிருந்து வரும் கோரிக்கையை கூகுள் எளிதாக நம்பும்.

நடுவில் ஒரு சிக்கல் வரும். "உங்கள் போனில் Yes அழுத்துங்கள்" என்று கேட்கும், அந்தப் போன்தான் லாக். `Try another way` அழுத்தி, அழைப்பில் கோடு சொல்லும் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லாக் ஆன போனிலும் அழைப்பை எடுத்துப் பேசலாம் அல்லவா. சித்திக்கு அப்படித்தான் கோடு கிடைத்தது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றியபின் 24 மணி நேரம் பொறுத்துத்தான் போனை அழிக்க வேண்டும். புது பாஸ்வேர்டை அந்தக் காவல் ஏற்பாடு உடனே ஏற்காமல் போகலாம்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. ஜிமெயிலுக்குள் நுழைந்த அதே கருவியில் `photos.google.com` திறந்து கடைசிப் படம் எந்தத் தேதி என்று பாருங்கள். 15 ஜிபி நிரம்பிவிட்டிருந்தால் பேக்கப் பல மாதம் முன்பே நின்றிருக்கும். சித்தியுடையது நிரம்பவில்லை, செவ்வாய்க்கிழமை எடுத்த கோலம் வரை ஏறியிருந்தது. `contacts.google.com` பார்த்தோம். 212 பேர் இருந்தார்கள். போன் மெமரியில் சேமித்தவை இங்கே வராது, அதையும் மனதில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் உடனே போட்டுப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். புது போனில் அதே எண் ஏறிய கணமே பழையதில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், பேக்கப்பும் அதோடு நின்றுவிடும். கணினியில் வாட்ஸ்அப் வெப் முன்பே இணைத்திருந்தால் அது கொஞ்ச நாள் தனியாகவே ஓடும். முக்கியமான உரையாடல்களையும் படங்களையும் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். போனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த இணைப்பும் அறுந்துவிடும்.

நான்காவது, மெமரி கார்டு. அதைச் சாதாரணக் கார்டாகப் போட்டிருந்தால் அதில் உள்ள படங்களைக் கணினியில் படிக்கலாம். அழிக்கும் முன் கழற்றிவிடுங்கள். போனின் உள் சேமிப்போடு சேர்த்து ஃபார்மேட் செய்த கார்டு என்றால் அதன் சாவி போனுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே எடுத்துப் பயனில்லை. ஒரே தட்டில் சிம்மும் கார்டும் இருக்கும், இழுக்கும்போது சில போன்கள் ரீஸ்டார்ட் கேட்கும். அதனால் இதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

அழிப்பது

இரண்டு வழி. போன் இணையத்தில் இருந்தால், வேறு கருவியில் `android.com/find` திறந்து, அதே ஜிமெயிலில் நுழைந்து, போனைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் கட்டளை கொடுக்கலாம். இணையம் இல்லை என்றால் பட்டன் வழி. போனை அணைத்துவிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். பிக்சல் போன்றவற்றில் வால்யூம் குறைக்கும் பட்டன், அப்புறம் `Recovery mode`. சாம்சங்கின் புது மாடல்கள் பலவற்றில் கணினியோடு கேபிள் இணைத்திருந்தால்தான் இந்தத் திரை வரும், பலர் அரை மணி நேரம் பட்டனோடு போராடுவது இதனால்தான். திரை வந்ததும் வால்யூம் பட்டனால் நகர்ந்து `Wipe data/factory reset`, பிறகு `Factory data reset`, முடிந்ததும் `Reboot system now`.

இந்த நொடியில் என்ன நடக்கிறது என்றால், போன் ஒவ்வொரு படமாக அழிப்பதில்லை. சாவியை அழிக்கிறது. எழுத்துக்குவியல் கொஞ்ச நேரம் மெமரியில் கிடந்தாலும் இனி அதை யாராலும் படிக்க முடியாது. அழித்தபின் டேட்டா மீட்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

"டேட்டா போகாம லாக் எடுத்துத் தரேன்" என்று சொல்லும் கடைகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு காலத்தில் முடிந்தது. பேட்டர்னின் விவரம் `gesture.key` என்ற சின்னக் கோப்பில் இருந்தது, வழி தெரிந்தவர் அதை அழித்தால் போன் திறந்துகொள்ளும், படங்கள் பத்திரமாக இருக்கும். ஆண்ட்ராய்டு 4.4 வரை, ஐந்து தவறுக்குப் பின் ஜிமெயில் போட்டுத் திறக்கும் வசதியும் இருந்தது. அந்த நினைவில்தான் இன்றும் பலர் கேட்கிறார்கள். இப்போது பூட்டைக் கழற்றினாலும் சாவி வராது. எங்கள் தெருவோரக் கடை ஒன்றில் ஒருவர் பணம் கொடுத்து லாக் எடுத்து வாங்கினார், போன் புதிது போல் காலியாக வந்தது. கடைக்காரர் செய்ததும் இதே `Wipe data`தான், அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. தொடர்ந்து தவறினால் வரும் திரையில் `Forgot Passcode?` அழுத்தி ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டால் அழித்துவிட்டுத் தொடங்கலாம். ஐஓஎஸ் 17 முதல் ஒரு சலுகை உண்டு: பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் என்றால், அங்கேயே `Enter Previous Passcode` வழியாகப் பழைய கோடைப் போட்டு எதையும் இழக்காமல் தப்பலாம்.

திரும்பக் கொண்டுவரும்போது கேட்கும் கேள்வி

போன் எழுந்தது, ஜிமெயில் கேட்டது, போட்டோம், காவல் விலகியது. பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று கேட்டது. ஆம் என்றோம். அடுத்த திரையில், பழைய போனின் லாக் நம்பரைப் போடு என்றது. சித்தி என்னைப் பார்த்தார்.

இதுதான் முன்பு சொன்ன காரணம். ஆண்ட்ராய்டு 9 முதல், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், செயலிகளின் உள் தகவல், செட்டிங்ஸ் ஆகியவை அடங்கிய பேக்கப் உங்கள் திரை லாக்கால் பூட்டப்பட்டே கூகுளுக்குப் போகிறது. கூகுளே திறக்க முடியாத பூட்டு. அங்கும் தவறான முயற்சிகளுக்கு வரம்பு உண்டு. லாக்கை மறந்தவருக்கு இந்தப் பேக்கப் இருந்தும் இல்லை. ஆனால் தொடர்புகள், போட்டோஸ், ஜிமெயில் ஆகியவை இந்தப் பூட்டுக்குள் வராது, கணக்கில் நுழைந்ததும் வந்துவிடும். அதனால் அந்தத் திரையைத் தாண்டிப் போனோம்.

வாட்ஸ்அப் தனிக் கதை. அதே எண்ணில் எஸ்எம்எஸ் கோடு, அதே ஜிமெயில், இரண்டும் பொருந்தினால் உரையாடல்கள் திரும்பும். பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் அதையும் கேட்கும், அது இல்லாமல் திறக்காது. வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க இரண்டடுக்குப் பாதுகாப்பு நம்பர் வைத்து அதையும் மறந்திருந்தால், மீட்பு மெயில் கொடுக்காதவர்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். சித்தி இரண்டுமே வைக்கவில்லை. இரவு பேக்கப்புக்குப் பின் வந்த புதன்கிழமைச் செய்திகள் மட்டும் இல்லாமல் போயின.

யுபிஐ செயலிகளை அதே சிம்மை வைத்து மறுபடி பதிந்தோம். பணம் வங்கியில் இருப்பது, போனில் இல்லை. போனது இவை: எஸ்எம்எஸ் எல்லாம், அழைப்புப் பட்டியல், நோட்ஸ் செயலியில் எழுதியிருந்த சமையல் குறிப்புகள், போட்டோஸ் பேக்கப்பில் சேராத வாட்ஸ்அப் ஃபோல்டரில் இருந்த சில கல்யாண வீடியோக்கள். வீடியோக்களை அனுப்பியவர்களிடமே மறுபடி கேட்டு வாங்கினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் போன் செய்தார். "ஞாபகம் வந்திருச்சுப்பா, நம்ம பழைய வீட்டு லேண்ட்லைன் நம்பரோட கடைசி நாலு." பழைய பேக்கப் கூகுளில் இன்னும் இருந்தது, போனைப் பயன்படுத்தாமல் 57 நாள் போனால்தான் அழியக்கூடும். இன்னொரு தடவை போனை முழுசாக அழித்து, அந்த நான்கு இலக்கத்தைப் போட்டால் எஸ்எம்எஸ் திரும்பலாம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அதுல என்ன இருக்கப்போவுது, கரண்ட் பில்லுதானே, விடு" என்றார்.